பதிவு அலுவலகம் வேறு மாநிலத்துக்குப் போகிறது. என் பாக்கி என்ன ஆகும்?

"கோவை கணபதியில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு பம்ப் கம்பெனிக்கு ஆறு வருடமாகப் பாகங்கள் கடைந்து கொடுக்கிறேன். பிரைவேட் லிமிடெட் கம்பெனி. ஐந்து பில்லில் ரூ.11.40 லட்சம் பாக்கி நிற்கிறது. போன வாரம் தபாலில் ஒரு நோட்டீஸ் வந்தது. பதிவு அலுவலகத்தைத் தமிழ்நாட்டிலிருந்து மகாராஷ்டிராவுக்கு மாற்றப் போகிறார்களாம். அக்கவுண்ட்ஸில் கேட்டால் 'அது சும்மா ஃபார்மாலிட்டிங்க' என்கிறார்கள். பக்கத்துப் பட்டறைக்காரரோ, 'இன்னிக்கு புனே, நாளைக்கு சிங்கப்பூர், அப்புறம் எங்கே போய்ப் பிடிப்பீங்க?' என்கிறார். இவர்கள் ஓடப் பார்க்கிறார்களா? போய்விட்டால் எப்படிப் பின்தொடர்வது?"
– வாசகர், கோவை

அன்புள்ள ஐயா,

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த நோட்டீஸை எடுத்து, எந்தத் தேதி நாளிதழில் அது விளம்பரமாக வந்தது என்று பாருங்கள். ஆட்சேபம் இருந்தால் விளம்பரம் வெளியான நாளிலிருந்து 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று அதில் அச்சிட்டிருக்கும். தபால் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கிவிடாதீர்கள். விளம்பரம் 5ஆம் தேதி வந்து, தபால் 9ஆம் தேதி வந்திருந்தால் உங்களுக்கு மிச்சம் பத்தே நாள்தான். தேதி நோட்டீஸில் இல்லையென்றால் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பி விளம்பரத்தின் நகலைக் கேளுங்கள். ஆங்கிலப் பத்திரிகை ஒன்றிலும் தமிழ்ப் பத்திரிகை ஒன்றிலும் அது வந்திருக்க வேண்டும்.

அக்கவுண்ட்ஸ்காரர் 'ஃபார்மாலிட்டி' என்றது பாதி உண்மை. கோவைக்குள்ளேயே ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போவதென்றால் உண்மையிலேயே அது சடங்குதான். இயக்குநர்கள் கூடித் தீர்மானம் போட்டு, கம்பெனிப் பதிவாளருக்கு ஒரு படிவம் அனுப்பினால் போதும். மாநிலம் மாறுவது அப்படியல்ல. ஒரு கம்பெனியின் அடிப்படை ஆவணமான மெமோரண்டத்தில் முழு முகவரி இருக்காது, பதிவு அலுவலகம் எந்த மாநிலத்தில் என்பது மட்டுமே இருக்கும். மாநிலத்தை மாற்ற வேண்டுமானால் அந்த மெமோரண்டத்தையே திருத்த வேண்டும். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி அதற்குப் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானமும் வேண்டும், மத்திய அரசின் ஒப்புதலும் வேண்டும். அந்த அதிகாரம் மண்டல இயக்குநரிடம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கம்பெனிகளுக்கு அவர் சென்னையில் இருக்கிறார். கம்பெனி யாருக்கெல்லாம் பணம் தர வேண்டுமோ அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள், அல்லது அவர்கள் கடனைத் தீர்க்கப் போதிய ஏற்பாடோ பிணையோ செய்யப்பட்டிருக்கிறது என்று ஒப்புதலுக்கு முன் அவர் திருப்தி அடையலாம் என்று சட்டம் சொல்கிறது. உங்களுக்குத் தனியாகத் தபால் வந்ததே இதனால்தான். அது மரியாதைக்கு அனுப்பிய தகவல் இல்லை. உங்களுக்குச் சொல்லாமல் அவர்கள் விண்ணப்பிக்க முடியாது.

ஓடப் பார்க்கிறார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். பெரும்பாலான இடமாற்றங்களுக்குக் காரணம் சாதாரணமானது. வெளியூர்க் குழுமம் ஒன்று கம்பெனியை வாங்கியிருக்கும். முடிவெடுப்பவர்கள் எல்லாம் புனேயில் உட்கார்ந்திருப்பார்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தைப் பதிவு அலுவலகம் இருக்கும் ஊரில்தான் நடத்த வேண்டும் என்பது பொது விதி; பதிவேடுகளும் அங்கேதான் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கோவைக்கு ஆள் அனுப்புவது அவர்களுக்குத் தொல்லை. இன்னொரு காரணம் நான் அடிக்கடி பார்ப்பது: இரண்டு கம்பெனிகளை இணைக்கப் போகிறார்கள், ஒன்று தேசியக் கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்கு உட்பட்டது, மற்றது மும்பைக்கு. இரண்டு இடத்தில் மனுப் போட்டு, இரண்டு உத்தரவுக்காகக் காத்திருப்பதைவிட, ஒன்றை முதலில் மகாராஷ்டிராவுக்குக் கொண்டுபோய்விட்டால் ஒரே இடத்தில் வேலை முடிந்துவிடும். வரியை மிச்சம் பிடிக்கத்தான் போகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் தவறு. வருமான வரி விகிதம் நாடு முழுக்க ஒன்றுதான். ஜிஎஸ்டியோ தொழில் எங்கே நடக்கிறதோ அந்த மாநிலத்தைப் பொறுத்தது. பதிவு அலுவலகத்தை நகர்த்துவதால் மாறாது. பங்கு மூலதனத்தை உயர்த்தும்போது கட்டும் முத்திரைக் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், அவ்வளவுதான்.

கடன்காரர்களிடமிருந்து தூரமாகப் போவதற்காகவே இடம் மாறுகிறவர்களும் உண்டு. அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். திவால் சட்டப்படி ஒரு கம்பெனி மீதான மனுவை அதன் பதிவு அலுவலகம் எங்கே இருக்கிறதோ அந்தத் தீர்ப்பாய அமர்வில்தான் போட வேண்டும். பதிவு அலுவலகம் நகர்ந்தால் அந்த இடமும் நகர்ந்துவிடும். சென்னைக்கு இரவு ரயில் ஏறிப் போய்வரலாம் என்றிருந்த சிறு சப்ளையருக்கு மும்பை என்றால் கால் பின்வாங்கும். சிலர் நம்பியிருப்பதும் அந்தத் தயக்கத்தைத்தான்.

இரண்டில் எது என்று வெளியிலிருந்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். www.mca.gov.in தளத்தில் கணக்கு ஒன்று தொடங்கி, View Company/LLP Master Data பகுதியில் கம்பெனி பெயரைத் தேடுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. கடைசியாக எந்த ஆண்டின் ஐந்தொகையைத் தாக்கல் செய்திருக்கிறார்கள், இயக்குநர்கள் யார், எப்போது நியமிக்கப்பட்டார்கள், எந்த வங்கிக்குச் சொத்தை ஈடு வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். கணக்கு ஒழுங்காகத் தாக்கலாகியிருந்து, புதிய இயக்குநர்கள் வாங்கிய குழுமத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. பழைய இயக்குநர்கள் ஒரே நாளில் விலகி, இதுவரை வேறு எந்தக் கம்பெனியிலும் இல்லாத இருவர் வந்து உட்கார்ந்திருந்தால், இரண்டு வருடமாக ஐந்தொகை வராமல் இருந்தால், கம்பெனியின் பெயரையும் சேர்த்து மாற்றப் போகிறார்கள் என்றால் உஷாராகிவிடுங்கள். இவற்றில் ஏதோ ஒன்று மட்டும் இருந்தால் அதற்கு நூறு காரணம் இருக்கலாம். மூன்றும் ஒன்றாக வரும்போது நான் என் கட்சிக்காரரைக் காத்திருக்க விடமாட்டேன்.

அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது, கம்பெனியின் இப்போதைய பதிவு அலுவலகத்துக்கு நேரில் போவது. விண்ணப்பத்தோடு தருவதற்காக, யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற பட்டியல் ஒன்றை அவர்கள் தயாரிக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளுக்கு ஒரு மாதத்துக்கு மேல் பழையதாக அது இருக்கக் கூடாது. சரியான பட்டியல்தான் என்று இயக்குநர்கள் பிரமாணப் பத்திரத்தில் உறுதி சொல்ல வேண்டும். அதன் நகல் பதிவு அலுவலகத்தில் இருக்க வேண்டும், வேலை நேரத்தில் யார் வந்து கேட்டாலும் காட்ட வேண்டும், பக்கத்துக்கு ரூ.10க்கு மேல் வாங்காமல் நகல் எடுக்க விட வேண்டும். இந்த உரிமையைப் பெரும்பாலான சப்ளையர்கள் பயன்படுத்துவதே இல்லை. என் அனுபவத்தில் சிக்கல் எல்லாம் இந்தப் பட்டியலில்தான் ஒளிந்திருக்கும்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நூற்பாலை உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஒருவர் இதே மாதிரி நோட்டீஸோடு வந்தார். அவர் கணக்கில் பாக்கி ரூ.6,80,000. கம்பெனியின் பட்டியலைப் போய்ப் பார்த்தால் அவர் பெயருக்கு நேரே ரூ.2,15,000. மீதி எங்கே என்று கேட்டோம். நான்கு பில்லுக்குத் 'தரக் குறைபாடு' என்று டெபிட் நோட் போட்டு, தங்கள் புத்தகத்தில் கழித்துவிட்டிருக்கிறார்கள். அந்த டெபிட் நோட் அவருக்கு வந்து சேரவே இல்லை. சரக்கும் திரும்பவில்லை. அன்றைக்குப் பட்டியலைப் பார்க்காமல் விட்டிருந்தால், இவருக்கு இவ்வளவுதான் தர வேண்டும் என்று இயக்குநர்கள் சத்தியம் செய்து கொடுத்த ஆவணம் அரசாங்கக் கோப்பில் போய்ச் சேர்ந்திருக்கும். பிறகு எந்த மன்றத்துக்குப் போனாலும் அதை எடுத்து நீட்டியிருப்பார்கள்.

பட்டியலில் உங்கள் தொகை சரியாக, ரூ.11.40 லட்சம் என்றே இருந்தால் நகலை எடுத்துப் பத்திரமாக வையுங்கள். இயக்குநர்கள் உறுதியளித்த பட்டியலில் இருக்கும் தொகையைப் பிறகு 'அப்படி ஒரு பாக்கியே இல்லை' என்று மறுப்பது கடினம். ஒவ்வொரு பில்லுக்கும் மூன்று வருடக் காலவரம்பு இருக்கிறது. அது முடிவதற்குள் எழுத்தில் கிடைக்கும் ஒப்புதல் அந்தக் கணக்கைப் புதிதாகத் தொடங்கி வைக்கும்.

தொகை குறைந்திருந்தாலோ, உங்கள் பெயரே இல்லாவிட்டாலோ, சரியாக இருந்தும் எப்போது தருவார்கள் என்பதற்கு உறுதி இல்லாவிட்டாலோ, ஆட்சேபம் போடுங்கள். வெறும் கடிதம் போதாது, பிரமாணப் பத்திரமாக இருக்க வேண்டும். நீங்கள் யார், எவ்வளவு காலமாகச் சரக்குக் கொடுக்கிறீர்கள், எந்தெந்த பில், என்ன தேதி, எவ்வளவு தொகை என்று எழுதி, பில், டெலிவரி சலான், நிலுவையைக் கம்பெனி ஒப்புக்கொண்ட மின்னஞ்சல் இருந்தால் அது, எல்லாவற்றையும் இணையுங்கள். நோட்டரி முன் கையெழுத்திட்டு, நோட்டீஸில் கொடுத்திருக்கும் மண்டல இயக்குநர் முகவரிக்குத் தபாலில் ஒரு பிரதி, கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். தபால் ரசீதைத் தொலைக்காதீர்கள்.

ஆட்சேபத்தில் என்ன கேட்கிறீர்கள் என்பது முக்கியம். 'இவர்களை மகாராஷ்டிராவுக்குப் போக விடாதீர்கள்' என்று கேட்டால் அது எடுபடாது; ஒரு கம்பெனி எங்கே அலுவலகம் வைப்பது என்பது அதன் உரிமை. 'பாக்கியை வசூல் பண்ணிக் கொடுங்கள்' என்றும் கேட்க முடியாது. மண்டல இயக்குநர் வசூல் நீதிமன்றம் அல்ல, பில் சரியா தவறா என்று தீர்ப்பளிக்க மாட்டார். நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஒப்புக்கொண்ட தொகையை இன்ன தேதிக்குள் தருவோம் என்று கம்பெனி பிரமாணப் பத்திரம் தர வேண்டும். இரண்டு, அலுவலகம் போன பிறகும் உங்கள் பாக்கிக்காக இங்கேயே வழக்கு நடத்தும் உரிமை உங்களுக்கு இருக்கிறது என்று பதிவாக வேண்டும்.

இரண்டாவதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. கம்பெனிப் பதிவு விதிகளில் 30ஆம் விதியே அதற்கு வழி வைத்திருக்கிறது. ஆட்சேபம் வந்தால் விசாரணை நடக்கும். இரு தரப்பும் ஒத்துப்போனால் அதைக் கம்பெனி பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். ஒத்துப்போகாவிட்டால், ஆட்சேபத்தை எந்தக் காலத்துக்குள் எப்படித் தீர்ப்போம் என்று கம்பெனி எழுதித் தர வேண்டும். அப்படித் தரும்போது, அலுவலகம் மாறிய பிறகும் பழைய இடத்து நீதி எல்லையிலேயே ஆட்சேபித்தவர் தன் சட்ட வழிகளைத் தொடரலாம் என்பதையும் அதில் ஒதுக்கி வைக்க வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் ஆட்சேபம் போடச் சொல்கிறேன். பேசாமல் இருந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

இதில் நடைமுறையான ஒரு பலமும் இருக்கிறது. யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றால் விசாரணை இல்லாமல் 15 நாளில் உத்தரவு வாங்கிவிடலாம். ஆட்சேபம் வந்தால் விசாரணை, பத்திரம் என்று 60 நாள் வரை போகும். இணைப்புக்காக அவசரப்படும் கம்பெனிக்கு அந்த ஒன்றரை மாதம் பெரிது. நான் சொன்ன நூற்பாலை உதிரிபாகக்காரருக்கு அப்படித்தான் நடந்தது. விசாரணைக்கு முந்தைய வாரமே கம்பெனி பேச வந்தது. தகராறு இல்லாத ரூ.2,15,000ஐ 30 நாளில் தருவதாகவும், டெபிட் நோட் போட்ட ரூ.4,65,000 பற்றிய வழக்கைக் கோவையிலேயே நடத்தலாம் என்றும் பத்திரம் கொடுத்தார்கள். முதல் தொகை சொன்ன தேதிக்குள் வந்தது. மற்றதற்கு அவர் இரண்டு வருடம் நடக்க வேண்டியிருந்தது, ஆனால் நடந்தது கோவைக்குள்தான்.

இந்தப் பலத்தைப் பார்த்துவிட்டு இல்லாத பாக்கியையும் சேர்த்து எழுதிவிடாதீர்கள். நீங்கள் கொடுப்பது சத்தியப் பிரமாணம். ஒரு பில் தப்பாக இருந்தாலும் மற்ற நான்கின் மீதும் சந்தேகம் விழும்.

14 நாள் ஏற்கெனவே கடந்துவிட்டதா? அப்படியானாலும் அனுப்புங்கள். உத்தரவு பிறக்கும் முன் கோப்பில் சேர்ந்தால் அதைப் பார்க்க வாய்ப்பிருக்கிறது. சேர்ந்தே தீரும் என்று உறுதி சொல்ல முடியாது. அதோடு, கம்பெனி மீது கம்பெனிகள் சட்டப்படி ஆய்வோ விசாரணையோ தொடங்கப்பட்டிருந்தாலும், அதே சட்டப்படி குற்ற வழக்கு நிலுவையில் இருந்தாலும் மாநில மாற்றத்தை அனுமதிக்கக் கூடாது என்பது விதி. அப்படி ஏதும் உங்களுக்குத் தெரிந்தால் அதையும் எழுதலாம்.

இனி, அவர்கள் போன பிறகு எப்படிப் பின்தொடர்வது என்பதைப் பார்ப்போம்.

முகவரியைப் பின்தொடராதீர்கள், எண்ணைப் பின்தொடருங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் 21 எழுத்தில் சிஐஎன் என்ற அடையாள எண் இருக்கிறது. கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் அதை அச்சிட்டாக வேண்டும். மாநிலம் மாறினால் இந்த எண்ணும் மாறிவிடும். ஏமாறும் இடம் இதுதான். ஏர்டெல் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லியில் இருந்த அதன் பதிவு அலுவலகம் ஹரியானாவின் குருகிராமுக்கு மாறியது. முன்னும் பின்னும் அதன் எண் இப்படி:

```
L74899DL1995PLC070609
L74899HR1995PLC095967
```

DL என்பது HR ஆகியிருக்கிறது. கடைசி ஆறு இலக்கமும் வேறாகிவிட்டது, ஏனென்றால் புதிய மாநிலத்துப் பதிவாளர் தன் வரிசையில் புதிதாக எண் தருகிறார். மாறாதது கம்பெனி தொடங்கிய ஆண்டு, 1995. ஆகவே உங்கள் பில்லில் இருக்கும் பழைய எண்ணை வைத்துத் தேடி, கம்பெனி கிடைக்கவில்லை என்றால் அது மூடிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பெயரைப் போட்டுத் தேடுங்கள். தொடங்கிய ஆண்டும் இயக்குநர்களும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இன்றே, அலுவலகம் மாறுவதற்கு முன், மூன்றை எழுதி வையுங்கள்: இப்போதைய சிஐஎன், இயக்குநர்களின் எட்டு இலக்க டிஐஎன், கம்பெனியின் பான். இயக்குநர் எண்ணும் பான் எண்ணும் எந்த மாநிலத்துக்குப் போனாலும் மாறாது. பான் எங்கே கிடைக்கும் என்று தேட வேண்டாம். அவர்கள் ஜிஎஸ்டி எண்ணின் மூன்றாம் எழுத்திலிருந்து பன்னிரண்டாம் எழுத்து வரை இருப்பது பான்தான்.

மண்டல இயக்குநரின் உத்தரவு வந்தவுடன் எல்லாம் மாறிவிடாது. உத்தரவின் சான்றிட்ட நகல் கிடைத்த 30 நாளுக்குள் INC-28 என்ற படிவத்தில் அதைப் பழைய மாநிலத்திலும் புதிய மாநிலத்திலும் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். மகாராஷ்டிராவில் மும்பை, புனே என்று ஒன்றுக்கு மேற்பட்ட பதிவாளர் அலுவலகங்கள் உண்டு. நம்மூரில் சென்னை, கோவை இருப்பது போல. அங்கே புதிய சான்றிதழ் தருவார்கள். தெருவும் கதவு எண்ணும் INC-22 என்ற இன்னொரு படிவத்தில் வரும். mca தளத்தில் View Public Documents பகுதியில் ரூ.100 கட்டினால் இவற்றைத் திறந்து பார்க்கலாம். உத்தரவை அவசியம் படியுங்கள். நீங்கள் ஆட்சேபித்திருந்தால் உங்களுக்குத் தந்த உறுதி அதில் வார்த்தைக்கு வார்த்தை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். INC-22இல் புதிய கட்டடத்தின் வாடகை ஒப்பந்தமும் மின்கட்டண ரசீதும் இணைந்திருக்கும். உண்மையான அலுவலகமா, பல கம்பெனிகள் பெயர்ப்பலகை மட்டும் மாட்டியிருக்கும் அறையா என்பதை அதிலிருந்து பெரும்பாலும் ஊகிக்கலாம். அன்றிலிருந்து எந்த நோட்டீஸ் அனுப்பினாலும் புதிய பதிவு அலுவலகத்துக்கு ஒன்று, கோவை ஆலைக்கு ஒன்று என இரண்டு பிரதி அனுப்புங்கள். சட்டப்படி செல்லுவது பதிவு அலுவலகத்துக்கு அனுப்பியதுதான்.

ஆனால் உங்களைப் பொறுத்தவரை, புனே அலுவலகத்தைவிடக் கோவை ஆலை என்ன ஆகிறது என்பதுதான் பெரிய விஷயம். உங்கள் பணத்துக்கு ஆதாரமான இயந்திரமும் சரக்கும் அங்கேதான் இருக்கின்றன. www.gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதியில் அவர்கள் பான் எண்ணைப் போட்டால் எந்தெந்த மாநிலத்தில் பதிவு வைத்திருக்கிறார்கள் என்று வரும். 33 என்று தொடங்குவது தமிழ்நாடு, 27 மகாராஷ்டிரா. பதிவு அலுவலகம் போனாலும் இங்கே உற்பத்தி நடக்கும்வரை 33 பதிவு இருந்தே ஆக வேண்டும். மாதம் ஒருமுறை அதைத் திறந்து, நடப்பில் இருக்கிறதா, மாதாந்திர ரிட்டர்ன் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த 33 பதிவு ரத்தாகிவிட்டது என்று வந்தால் ஆலையையே காலி செய்கிறார்கள் என்று அர்த்தம். அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள்.

வசூலுக்கு எங்கே போவது? நீங்கள் உத்யம் பதிவு வைத்திருக்கும் சிறுதொழில்காரர் என்றால், புனே என்ற பெயரைக் கேட்டு நீங்கள் பயந்ததில் பாதி போய்விடும். 2006 சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டத்தின் 18ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: சரக்குக் கொடுத்தவர் எந்த வசதியாக்கக் கவுன்சிலின் எல்லைக்குள் இருக்கிறாரோ அந்தக் கவுன்சிலே விசாரிக்கலாம், வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும் சரி. கோவையிலேயே ஒரு கவுன்சில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாகச் சேரும். இதில் கவனிக்க வேண்டியது, சரக்குக் கொடுத்த நாளுக்கு முன்பே உத்யம் பதிவு இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லியிருக்கிறது. உங்கள் ஐந்து பில்லில் எது பதிவுக்குப் பிந்தையது என்று பிரித்து வையுங்கள். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருந்தாலும் நடைமுறையில் அதைவிட வெகு நாள் ஆகும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அவர்கள் கொடுத்த காசோலை ஏதாவது திரும்பியிருந்தால் அதற்கும் புனே போக வேண்டாம். 2015 திருத்தத்துக்குப் பிறகு, உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளை எந்த நீதிமன்ற எல்லையில் இருக்கிறதோ அங்கேயே வழக்கு.

இடம் மாறினால் உண்மையிலேயே மாறுவது திவால் நடவடிக்கைதான். உங்கள் ஒருவர் பாக்கியை வைத்து நீங்கள் அந்த மனு போட முடியாது. குறைந்தது ஒரு கோடி ரூபாய் தவறியிருக்க வேண்டும். ஆனால் ஒரு வங்கி மும்பையில் போடலாம். அப்போது 'கோரிக்கைகளை அனுப்புங்கள்' என்ற விளம்பரம் பதிவு அலுவலகம் இருக்கும் ஊர்ப் பத்திரிகையில் வரும். ஆலை இருக்கும் ஊரிலும் போடச் சொல்லி விதி இடம் தருகிறது, ஆனாலும் நம்பியிருக்க வேண்டாம். மராத்திப் பத்திரிகையில் வந்ததை நீங்கள் கோவையில் பார்க்கப் போவதில்லை. கோரிக்கை அனுப்பத் தரும் அவகாசமும் குறைவு. ஆகவே ஜிஎஸ்டி தளத்தைப் பார்க்கும் அதே நாளில் www.ibbi.gov.in தளத்தின் Public Announcements பகுதியிலும் கம்பெனி பெயரைத் தேடிவிடுங்கள். எல்லா விளம்பரமும் அங்கே வந்தாக வேண்டும். கோரிக்கையை மின்னஞ்சலிலேயே அனுப்பலாம்.

கடைசியாகப் பக்கத்துப் பட்டறைக்காரரின் சிங்கப்பூர். இந்தியாவில் பதிவான கம்பெனி தன் பதிவு அலுவலகத்தை இப்படிப் படிவம் போட்டு வெளிநாட்டுக்கு நகர்த்த நம் சட்டத்தில் இடமில்லை. சிங்கப்பூர் 2017 முதல் வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் பதிவையே அங்கே மாற்றிக்கொள்ள அனுமதிக்கிறது, ஆனால் அனுப்பி வைக்கும் நாட்டின் சட்டமும் இடம் கொடுக்க வேண்டும். நம் சட்டம் கொடுக்கவில்லை. இங்கே 'சிங்கப்பூர் போய்விட்டார்கள்' என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் வேறு சங்கதி. அங்கே புதிதாக ஒரு தாய்க் கம்பெனி தொடங்கி, இந்தியக் கம்பெனியின் பங்குகளை அதன் பெயருக்கு மாற்றுவார்கள். வெளிநாட்டு முதலீடு எளிதாக வரும், நாளைக்கு விற்பதும் எளிது என்பதற்காக. ஃபோன்பே அப்படிச் சிங்கப்பூரில் இருந்த தாய்க் கம்பெனியை 2022இல் இந்தியாவுக்கே திருப்பிக் கொண்டுவந்தது. இந்த மாதிரி மாற்றத்தில் முதலாளி மாறுகிறாரே தவிர, உங்களுக்குப் பணம் தர வேண்டிய கம்பெனி இங்கேயே இருக்கும். அதன் மீதான உங்கள் உரிமையும் அப்படியே இருக்கும். இந்தியக் கம்பெனி வெளிநாட்டுக் கம்பெனியோடு முழுதாக இணைந்துபோக 2017 முதல் வழி இருக்கிறது. அது ரிசர்வ் வங்கி விதிகளுக்கும் தீர்ப்பாயத்தின் ஒப்புதலுக்கும் உட்பட்டது. அங்கேயும் கடன் கொடுத்தவர்களைக் கேட்காமல் நடக்காது.

நாளைக்கே பதிவு அலுவலகம் போங்கள். போகும்போது உங்கள் பேரேட்டுப் பிரதியையும், ஐந்து பில்லையும், அந்தத் தபால் உறையையும் கையில் வைத்திருங்கள். பட்டியலைக் காட்ட மறுத்தால் சண்டை போட வேண்டாம். எப்போது வந்தீர்கள், யார் மறுத்தார்கள் என்று அன்றைக்கே கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலை ஆட்சேபத்தோடு இணைத்துவிடுங்கள். மண்டல இயக்குநர் கம்பெனியிடம் முதலில் கேட்கும் கேள்வி அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

அன்புடன்,
கோவையிலிருந்து ஒரு கம்பெனி செக்ரட்டரி